வாழை இலை மேலே வாளை: நாநெகிழ் பயிற்சியும் குழந்தைகளின் உச்சரிப்பும்

குழந்தைகளின் நாக்குக்குப் பயிற்சி என்றதும் பெரும்பாலோர் முதலில் எடுப்பது ஏழைக் கிழவன் வாக்கியத்தைத்தான். 'ஏழைக் கிழவன் வாழைப்பழத் தோல் வழுக்கிக் கீழே விழுந்தான்' என்பது அதன் வடிவங்களுள் ஒன்று. ஊருக்கு ஊர் ஒரு சொல் கூடும், ஒரு சொல் குறையும். இந்த வடிவத்தில் ழகரம் ஏழு இடங்களில் வருகிறது. ஏழு முறை ழகரம் சொன்ன குழந்தைக்கு ழகரம் பழகிவிடும் என்று நாம் நம்புகிறோம். ஆனால் ழகரம் வராத ஒரு குழந்தை இதை எப்படிச் சொல்கிறது என்று கவனித்துக் கேளுங்கள். 'ஏளைக் கிளவன் வாளைப்பளத் தோல் வளுக்கிக் கீளே விளுந்தான்' என்று ஒரு தட்டுத்தடங்கலும் இல்லாமல் சொல்லி முடித்துவிடும். ஏழு இடத்திலும் ஒரே மாற்றம். நாக்கு எங்கும் இடறவில்லை, ஏனென்றால் இடறுவதற்கு எதிரே இன்னோர் ஒலி நிற்கவில்லை. அந்த வாக்கியத்தில் ளகரமே கிடையாது. வேகமாகச் சொன்னதற்காக நாம் கைதட்டுகிறோம். குழந்தையோ தன் ளகரத்தை ஏழு முறை உறுதிப்படுத்திக்கொண்டு போய் உட்காருகிறது. நாநெகிழ் பயிற்சி உச்சரிப்பைத் திருத்தும் என்பதை நான் மறுக்கவில்லை. ஒலி அடுக்கி வருவதால் அது திருத்துவதில்லை, குழம்பக்கூடிய இரண்டு ஒலிகள் எதிரெதிரே வருவதால்தான் திருத்துகிறது என்பதே இன்று நான் சொல்ல வந்தது. அப்படி எதிரெதிரே வைத்த வாக்கியமும்கூட, காது முதலில் பிரித்துக் கேட்கப் பழகியிருந்தால்தான் பலன் தரும். இதற்கு ல, ள, ழ மூன்றையும், குறிப்பாக ழகரத்தையும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

முதலில் வாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். லகரத்துக்கு நுனி நாக்கு மேல்பல் வரிசையின் பின்னால், ஈறை ஒட்டித் தொடுகிறது. காற்று நாக்கின் இரு ஓரங்களிலும் வழிந்து வெளியேறுகிறது. ளகரத்துக்கும் காற்று ஓரங்களில்தான் போகிறது, ஆனால் நுனி நாக்கு பின்னே வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. ழகரத்துக்கும் நாக்கு அதேபோல் பின்னே வளைகிறது, ஆனால் தொடுவதில்லை. அண்ணத்துக்கும் நாக்குக்கும் நடுவே சிறிய இடைவெளி நிற்க, காற்று அந்த நடுவழியாகப் போகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல் இந்த வேறுபாட்டைக் கண்டு சொல்லியிருக்கிறது. ல, ள இரண்டுக்கும் அது நாக்கின் விளிம்பைப் பேசுகிறது. ர, ழ இரண்டுக்கும் நுனி நாக்கு உயர்ந்து அண்ணத்தை வருடுவதைப் பேசுகிறது. விளிம்பு என்ற அந்த ஒரு சொல்லில் காற்று ஓரமாகப் போகும் செய்தி அடங்கியிருப்பதாக நான் கருதுகிறேன். 1999-இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பேர்ட், அபிகெயில் கான் ஆகிய மூவரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஐந்தையும் காந்த அலைப் படக்கருவி கொண்டு ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வாயின் உட்புறத்தைப் படமாகப் பார்த்த அந்த ஆய்விலும் ளகரத்தில் நாக்கு அண்ணத்தைத் தொடுவதும் ழகரத்தில் தொடாமல் நிற்பதும் தெரிகின்றன. ஆகவே ழகரம் என்பது கூடுதல் முயற்சியால் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒலியே அல்ல. ளகரம் சொல்லும் குழந்தையிடம் 'இன்னும் அழுத்திச் சொல்' என்றால், நாக்கு இன்னும் உறுதியாக அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நாம் கேட்பதற்கு நேர் எதிரானது நடக்கும்.

அடுத்தது, எல்லாக் குழந்தைகளுக்கும் ழகரம் ஒரே வகையில் தவறுவதில்லை. மதுரை, நெல்லை வட்டாரப் பேச்சிலும் யாழ்ப்பாணத்திலும் அது பெரும்பாலும் ளகரமாகிறது: வாளைப்பளம். சென்னையிலும் அதை ஒட்டிய வட மாவட்டங்களிலும் பலருக்கு அது யகரமாகிறது: வாயைப்பயம் அல்லது வாயப்பயம். கேட்பவருக்கு இரண்டும் ழகரம் வராத குறைதான். நாக்கின் கணக்கிலோ இரண்டும் வேறு வேறு. ளகரமாகச் சொல்லும் குழந்தையின் நாக்கு சரியான இடத்துக்கு வந்துவிட்டு, ஒரு நூலிழை அதிகமாகப் போய்த் தொட்டுவிடுகிறது. யகரமாகச் சொல்லும் குழந்தையின் நுனி நாக்கோ மேலே எழவே இல்லை. அது கீழ்ப்பல்லின் அருகே படுத்துக் கிடக்க, நடு நாக்கு மட்டும் உயர்கிறது. முதல் குழந்தைக்கு 'கொஞ்சம் விலக்கு' என்பது மருந்து. இரண்டாம் குழந்தைக்கு 'நுனியைத் தூக்கி வளை' என்பது மருந்து. இருவரையும் வரிசையில் நிறுத்தி ஒரே வாக்கியத்தை ஒப்புவிக்கச் சொல்லும் மன்றத்தில் ஒருவருக்கும் சரியான மருந்து கிடைப்பதில்லை. ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஆசிரியர் எழுதிக்கொள்ள வேண்டிய முதல் குறிப்பு இதுதான்: இந்தக் குழந்தை எந்த ஒலியின் இடத்தில் எந்த ஒலியைச் சொல்கிறது?

இனிக் காதுக்கு வருவோம். ஓர் ஒலியைப் பிரித்துக் கேட்காத குழந்தையால் தான் தவறியதை அறிய முடியாது. அறியாத தவற்றை நூறு முறை திருப்பிச் சொன்னாலும் அது திருந்தாது. ஆங்கிலத்தின் ரகர லகர ஒலிகளைப் பிரித்தறிய இடர்ப்படும் ஜப்பானியரிடம் நடந்த ஆய்வுகள் இதற்கு நல்ல சான்று. ஆன் பிராட்லோ, டேவிட் பிசோனி முதலியோர் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், வயதுவந்த ஜப்பானியருக்குச் சில வாரங்கள் கேட்கும் பயிற்சி மட்டுமே தரப்பட்டது. இரண்டு சொற்களில் எது ஒலித்தது என்று அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்வு சரியா தவறா என்பது உடனே தெரிவிக்கப்படும். பேசும் பயிற்சி எதுவும் இல்லை. ஆனால் முன்னும் பின்னும் பதிவுசெய்த அவர்கள் பேச்சை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கேட்டபோது, உச்சரிப்பும் தெளிந்திருப்பதாகக் கண்டார்கள். அவர்கள் பெரியவர்கள், அது அயல்மொழி. அதை அப்படியே நம் குழந்தைகள்மேல் ஏற்றிச் சொல்ல மாட்டேன். காது நாக்கை இழுத்துக்கொண்டு போகும் என்பதை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மன்றத்தில் இதற்குக் கருவி ஒன்றும் வேண்டாம், இரண்டு அட்டைகள் போதும். ஒன்றில் வாழை மரம், மற்றொன்றில் வாளை மீன். (வாள் என்பதோடு ஐ சேர்ந்தாலும் வாளை என்றுதான் வரும், அதனால் மீன் படத்தை முதலிலேயே காட்டிப் பேசிக்கொள்வது நல்லது.) ஆசிரியர் ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு இரண்டு சொற்களையும் கலந்து பத்து முறை சொல்கிறார். குழந்தை கேட்டதற்குரிய அட்டையைத் தூக்குகிறது. வாயை மறைக்காவிட்டால் குழந்தை காதால் கேட்காமல் கண்ணால் படித்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் பத்துக்கு ஐந்து சரியாக வரும் என்பதால் ஐந்தோ ஆறோ வந்தால் மகிழ வேண்டாம். எட்டு வரும்வரை கேட்கும் விளையாட்டிலேயே இருக்கட்டும். ஒரே குரலில் கேட்டால் அந்தக் குரலுக்கு மட்டும் காது பழகிவிடும், ஆகவே ழகரம் தெளிவாக வரும் வேறு இருவர் மாறி மாறிச் சொல்லலாம்.

காது பிரித்துவிட்டது என்று கொள்வோம். இனி நாக்குக்கு இடம் காட்ட வேண்டும். ளகரமாகச் சொல்லும் குழந்தையை 'அள்' என்று சொல்லி அந்த ஒற்றிலேயே நிற்கச் சொல்லுங்கள். நிற்கும்போதே குரலை நிறுத்தி, நாக்கை அசைக்காமல் வாய்வழியாக மெல்ல மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். நாக்கின் இரண்டு ஓரங்களும் சில்லென்று இருக்கும், ஏனென்றால் காற்றுக்குத் திறந்திருந்தவை அவைதான். இப்போது நாக்கை ஒரு நூல் கீழே இறக்கி மறுபடி மூச்சை இழுத்தால் குளிர்ச்சி நடுவே வரும். நடுவில் குளிர்ந்த அந்த நிலையிலேயே குரல் கொடுத்தால் வருவது ழகரம். எட்டு வயதுக் குழந்தைக்கு 'நாமடி ஒலி', 'மருங்கொலி' என்ற சொற்கள் வேண்டாம், எங்கே சில்லென்றது என்று கேட்டால் சொல்லிவிடும். யகரமாகச் சொல்லும் குழந்தையை இந்த வழியில் கொண்டுபோக முடியாது. அதற்கு 'அட்' என்று தொடங்கி, டகரத்துக்காக வளைந்த நாக்கை அங்கேயே வைத்து மெல்ல விலக்கக் கற்றுத்தர வேண்டும். இந்த இடத்தில் தமிழின் இரட்டைக்கிளவிகள் பெரிதும் உதவுகின்றன. வழவழ, கொழகொழ, மொழுமொழு என்று ழகரம் வரும் இரட்டைக்கிளவிகள் பலவும் பிடிப்பில்லாமல் வழுக்கும் பொருள்களைக் குறிப்பவை. சொல்லும்போது நாக்கும் எதையும் பிடிக்காமல் வழுக்குகிறது. ஓடைக்குச் சலசல, பாத்திரத்துக்குப் பளபள, எண்ணெய் தடவிய தரைக்கு வழவழ என்று மூன்றையும் அடுத்தடுத்துச் சொன்னால் ல, ள, ழ மூன்றின் இடமும் மூன்று பொருள்களோடு சேர்ந்து மனத்தில் பதிகின்றன. பொருளோடு பதிந்த ஒலி எளிதில் நழுவாது.

இதற்குப் பிறகுதான் நாநெகிழ் வாக்கியம் வர வேண்டும். மதுரையில் எட்டிலிருந்து பத்து வயதுவரை உள்ள பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு மன்றத்தை எண்ணிக்கொள்வோம். எல்லோரும் ழகரத்தை ளகரமாகச் சொல்பவர்கள். அவர்களுக்கு நான் அமைத்துத் தருவது இது: 'வாழை இலை மேலே வாளை, வாளை மேலே வாழை இலை.' இதன் கட்டமைப்பைப் பாருங்கள். முதல் பாதி ழகரத்தில் தொடங்கி ளகரத்தில் முடிகிறது. இரண்டாம் பாதி ளகரத்தில் தொடங்கி ழகரத்துக்குத் திரும்புகிறது. நடுவே நாக்கு லகரத்துக்காகப் பல்லின் பின்னே போய்வர வேண்டியிருக்கிறது. பேச்சுத் தடுமாற்றங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட ஒன்று உண்டு. ஒத்த இரண்டு ஒலிகள் சொற்களின் ஒரே இடத்தில் அமைந்து, அவற்றின் வரிசை நடுவே திரும்பும்போது நாம் மிகுதியாக இடறுகிறோம். முதலில் வந்த வரிசையே மறுபடி வரும் என்று மனம் முன்கூட்டியே திட்டமிட்டுவிடுவதுதான் காரணம். வாழை, வாளை என்று சென்ற மனம் மறுபடி வாழை என்றே தொடங்கப் பார்க்கும். அந்த இடத்தில்தான் குழந்தை தன் நாக்கைக் கவனித்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது, பயிற்சி நடப்பதும் அந்த ஒரு நொடியில்தான். பழைய பழக்கத்தில் எல்லாவற்றையும் ளகரமாக்கினால் 'வாளை இலை மேலே வாளை' என்று வரும். மீனுக்கு ஏது இலை என்று பக்கத்துக் குழந்தையே கேட்டுவிடும். பொருள் கெடுவதால் பிழை தானே வெளிப்படுகிறது, ஆசிரியர் சுட்டிக்காட்ட வேண்டிய தேவையில்லை. ஏழைக் கிழவன் வாக்கியத்தில் இது நடப்பதில்லை. கிளவன் என்றாலும் கேட்பவருக்குக் கிழவன் என்றே புரிந்துவிடுகிறது.

சொல்லும் முறையிலும் படிகள் உண்டு. முதலில் இரண்டே சொற்கள், வாழை, வாளை, இடையே ஒரு மூச்சு. பிறகு வாழை இலை, வாளை மீன். பிறகு முதல் பாதி மட்டும். அதன் பிறகே முழு வாக்கியம், அதுவும் கைத்தாளத்தோடு, ஒரு தட்டுக்கு ஒரு சொல் என்ற நிதானத்தில். மூன்று முறை தொடர்ந்து பிழையின்றி வந்தால் வேகத்தை ஒரு படி கூட்டலாம், ஒருமுறை பிழை வந்தால் ஒரு படி இறங்க வேண்டும். பத்து முறை, இருபது முறை என்று எண்ணிக்கை வைத்துச் சொல்லச் சொல்வதை நான் ஏற்பதில்லை. நாலைந்து முறைக்குப் பிறகு குழந்தை பொருளை விட்டுவிட்டு வெறும் ஓசையைப் பிடித்துக்கொள்கிறது. பன்னிரண்டு பேரும் ஒன்றாகச் சொல்வதையும் குறைத்துக்கொள்ள வேண்டும், கூட்டொலியில் யாருடைய பிழையும் கேட்காது. இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் சொல்ல மற்றவர் வாழை அட்டையையோ வாளை அட்டையையோ தூக்கட்டும். தான் வாழை என்று சொன்னதாக எண்ணிய குழந்தை எதிரே மீன் அட்டை எழுவதைப் பார்த்தால் தானாகவே நின்று நாக்கைத் திருத்திக்கொள்ளும். வேகப் போட்டி வைப்பதானால் கடைசியில் வையுங்கள், காலத்தை அளக்காமல் பிழையை எண்ணி வையுங்கள். வேகம் கூடும்போது நாக்கு சுருக்கு வழி தேடும், ழகரத்துக்குச் சுருக்கு வழி ளகரமே. அந்த வழியைப் பிடித்தவனுக்கு மணிப்பொறியைப் பார்த்துப் பரிசு கொடுத்தால் ஒருமாத உழைப்பு கரைந்துவிடும். சென்னைக் குழந்தைக்கு இதே வாக்கியம் பயன்படாது, அவன் குழப்பம் யகரத்தோடு. அவனுக்குப் 'பழம் தின்னப் பயம், பயம் போகப் பழம்' போல ழகரமும் யகரமும் எதிரெதிரே திரும்பும் வாக்கியம் வேண்டும். எல்லாம் யகரமானால் 'பயம் தின்னப் பயம்' ஆகிவிடும், அவனே சிரித்துவிட்டுத் திருத்துவான்.

அப்படியானால் பாட்டன் பாட்டி சொன்ன வாக்கியங்களைத் தூக்கி எறிவதா என்று கேட்பீர்கள். இல்லை, எதற்குரியவையோ அதற்குப் பயன்படுத்தச் சொல்கிறேன். 'யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ழகரமும் இல்லை, மயங்கொலியும் இல்லை. ஆனால் அது வேறொரு குறைக்கு அருமையான பயிற்சி. தகரத்துக்கு நாக்கு பல்லில், சகரத்துக்கு நடு அண்ணத்தில், டகரத்துக்கு வளைந்து பின்னே என்று மூன்று இடங்களுக்கும் அது ஓடுகிறது. ஒவ்வோர் இடத்திலும் த்த, ச்ச, ட்ட என்று இரட்டித்து நிற்கவும் வேண்டும். மேடையில் வேகமெடுக்கும் குழந்தைகள் இந்த இரட்டிப்பைத்தான் முதலில் விழுங்குகிறார்கள். பாட்டு என்பது பாடு போலவும், கத்தி என்பது கதி போலவும் ஒலித்துவிடுகிறது. ஒற்றில் நிற்கத் தெரியாத குழந்தைக்குச் சட்டையைக் கொடுங்கள். 'கடலோரத்தில் உரல் உருளுது' என்பதில் உரலும் உருளுவதும் அடுத்தடுத்து வருகின்றன. ரகரத்திலிருந்து லகரத்துக்கும், மறுபடி ரகரத்திலிருந்து ளகரத்துக்கும் நாக்கு தாவ வேண்டும். ல, ள மயங்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல வாக்கியத்தை நான் அமைத்துவிட முடியாது. பழைய வாக்கியங்களில் பல இப்படிக் கூர்மையானவை. எது எந்தப் பூட்டுக்குச் சாவி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் 'நாக்குப் பயிற்சி' என்று ஒரே பெட்டிக்குள் போட்டது நம் பிழை.

அதேபோல் திறக்க வேண்டாத பூட்டுகளும் சில உண்டு. மயங்கொலி எழுத்துகள் எட்டு என்று இலக்கண வகுப்பில் படிப்பதால் எட்டுக்கும் நாநெகிழ் வாக்கியம் தேட வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ணகரத்துக்கும் னகரத்துக்கும் ஒலி வேறுபாடு உண்மையானது, மனமும் மணமும் காதுக்கு வேறு வேறு. அங்கே பயிற்சி வேண்டும். நகரமும் னகரமும் அப்படியல்ல. சொல்லின் முதலிலும் தகரத்தின் முன்னும் நகரம், மற்ற இடங்களில் பெரும்பாலும் னகரம் என்று அவை இடத்தைப் பிரித்துக்கொண்டு வாழ்கின்றன. முந்நூறு என்பதற்கு எந்த நகரம் என்பது இன்று எழுதுகோலின் கேள்வி, நாக்கின் கேள்வியாக அது பெரிதும் இல்லை. ரகர றகரமும் ஏறக்குறைய அப்படித்தான். தொல்காப்பியம் இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது, குமரி மாவட்டம் போன்ற சில வட்டாரங்களில் வேறுபாடு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஆனால் பெரும்பாலான தமிழ்நாட்டுப் பேச்சில் கரியும் கறியும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன. ஆசிரியரின் வாயிலேயே இல்லாத வேறுபாட்டைக் குழந்தையிடம் எதிர்பார்த்து நாக்கை உருட்டச் சொன்னால், அந்த உருட்டல் மேடையில் செயற்கையாக ஒலிக்கும். இருக்கும் நேரத்தை ல, ள, ழவுக்கும் ண, னவுக்கும் கொடுப்பதே தக்கது.

இந்த வழிக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் மிகக் கனமானது வட்டாரம் பற்றியது. நெல்லைக் குழந்தையின் ளகரம் பிழையா? யாழ்ப்பாணத்துப் பாட்டி 'மளை' என்று சொன்னால் அவருக்குத் தமிழ் தெரியாதா? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஒரு வட்டாரம் முழுவதும் ஒழுங்காக நிகழும் ஒலிமாற்றம் பிழையே அல்ல, அது மொழியின் இயல்பான போக்கு. தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒருகாலத்தில் இருந்த ழகரம் இந்த வழியில்தான் மறைந்தது, மலையாளத்தில் நின்றது. குழந்தையின் வீட்டுப் பேச்சில் மன்றம் கைவைக்கக் கூடாது என்பதே என் கருத்தும். ஆனால் தமிழர் எல்லோருமே இரண்டு தமிழ் பேசுகிறோம். வீட்டில் 'வந்துட்டான்' என்கிறவர் மேடையில் 'வந்துவிட்டான்' என்கிறார், அதனால் வீட்டுத் தமிழ் தாழ்ந்துவிடுவதில்லை. மேடைத் தமிழில் ஒலியும் ஒளியும் ஒழியும், வலியும் வளியும் வழியும் தனித்தனியாக நிற்க வேண்டியிருக்கின்றன, எழுத்து நடைச் சொற்களைப் பல ஊர்க்காரர் அங்கே ஒன்றாக உட்கார்ந்து கேட்கிறார்கள் அல்லவா. குழந்தை இன்னோர் ஒலியையும் சேர்த்துக்கொள்கிறது, எதையும் இழக்கவில்லை. இதற்கு ஆசிரியர் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்கு ஒன்று உண்டு. வாளைப்பளம் என்பதைச் சொல்லிக்காட்டிச் சிரிக்க வைக்கக் கூடாது. அந்தச் சிரிப்பு குழந்தையின் அம்மாவின் மேல் விழுகிறது. பிழையின் எடுத்துக்காட்டு எப்போதும் வாக்கியத்தின் பொருளிலிருந்து வரட்டும், ஒருவருடைய ஊரிலிருந்து வர வேண்டாம்.

திக்கிப் பேசும் குழந்தைக்கும் ஒலி பிறழ்ந்து பேசும் குழந்தைக்கும் இது துன்பம் தராதா என்று இன்னொரு கேள்வி. தரும், முறை தெரியாமல் செய்தால் மிகுந்த துன்பம் தரும். திக்கல் என்பது ஒலியின் இடம் தெரியாத குறை அல்ல, பேச்சின் ஓட்டத்தில் ஏற்படும் தடை. அந்தக் குழந்தையை நாநெகிழ் போட்டிக்கு எழுப்பி நிறுத்துவது கொடுமை. அது கேட்கும் விளையாட்டில் நடுவராக இருக்கட்டும், அட்டை தூக்கட்டும், தான் விரும்பும்போது நிதானத்தில் சொல்லட்டும். வேறு சில குழந்தைகளுக்கு மன்றம் மருந்தே அல்ல. நான்கு வயதைக் கடந்தும் வெளியாருக்குப் பேச்சு பெரும்பாலும் புரியாமல் இருப்பது, சொல்லின் முதல் மெய்யைத் தொடர்ந்து விட்டுவிட்டுப் பேசுவது, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, அடிக்கடி காதில் சீழ் வடிவது ஆகியவற்றைக் கண்டால் பேச்சு, செவிப்புலன் வல்லுநரிடம் அனுப்ப வேண்டும். கேளாக் காதுக்கு அட்டை விளையாட்டு பயன் தராது. ஆறு, ஏழு வயதில் முன்பல் விழுந்த குழந்தைக்குத் தகரமும் சகரமும் சில மாதம் காற்றோடு கலந்து வருவது இயல்பு, அதற்குப் பல் முளைக்கும்வரை பொறுத்திருப்பதே பயிற்சி. ழகரம் பொதுவாகத் தாமதமாக வரும் ஒலிகளுள் ஒன்று என்பதால் ஐந்து வயதுக் குழந்தையிடம் அதைக் கேட்டு வற்புறுத்துவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக ஓர் ஐயம், இதுதான் எனக்கு மிகவும் பொருட்படுத்தத்தக்கதாகத் தோன்றுகிறது. மன்றத்தில் வாழையும் வாளையும் பிரித்துச் சொன்ன குழந்தை, வாசலைத் தாண்டியதும் பழையபடி பேசினால் என்ன பயன்? பயிற்சி பெற்ற வாக்கியத்தைச் சரியாகச் சொல்வது அந்த வாக்கியத்தைக் கற்றதற்கு மட்டுமே சான்று, ஒலியைக் கற்றதற்குச் சான்றாகாது. ஆகவே பயிற்சியில் வராத சொற்களால்தான் சோதிக்க வேண்டும். மன்றத்தில் வாழை, பழம், கிழவன் பழகியிருந்தால், உழவன், தாழ்ப்பாள், கூழ், எழுபது ஆகியவற்றைச் சோதனைக்கு ஒதுக்கி வையுங்கள், அவற்றை ஒருமுறைகூடச் சொல்லிக்கொடுக்காதீர்கள். இவற்றுள் தாழ்ப்பாள் தனித்துக் கவனிக்கத் தக்கது. ஒரே சொல்லில் ழகரமும் ளகரமும் வருவதால், ழகரத்தைப் புதிதாகக் கற்ற ஆர்வத்தில் குழந்தை 'தாழ்ப்பாழ்' என்று சொல்லிவிடக்கூடும். பள்ளியைப் 'பழ்ழி' என்றும் வெள்ளத்தை 'வெழ்ழம்' என்றும் சொல்லும் குழந்தையைக் கண்டால், ழகரம் வந்துவிட்டது, ஆனால் ளகரத்தின் எல்லை இன்னும் தெளியவில்லை என்று அறியலாம். அவனை மறுபடி அட்டை விளையாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும், வாக்கியத்துக்கு அல்ல. சோதனையும் ஒப்புவித்தலாக இருக்கக் கூடாது. உழவன் ஒருவன் கூழ் குடிப்பது, தாழ்ப்பாள் போட்ட கதவு, மழையில் நனையும் கோழி என்று மூன்று படங்களைக் கொடுத்து, ஒரு கதை சொல்லச் சொல்லுங்கள். கதையில் மனம் போய்விட்ட குழந்தைக்கு நாக்கைப் பற்றிய நினைவு இருக்காது. ஆசிரியர் பின்வரிசையில் அமர்ந்து, எத்தனை ழகரம் வந்தது, அவற்றுள் எத்தனை ழகரமாகவே வந்தது என்று மட்டும் குறித்துக்கொள்ளட்டும். மாதத் தொடக்கத்தில் ஒருமுறை, மாத இறுதியில் ஒருமுறை, அதே மூன்று படங்கள். கதை முடியும்வரை இடையில் திருத்த வேண்டாம்.